தொலைக்காட்சிக்கு முன்னுரிமை: ரௌட்டரின் QoS அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொலைக்காட்சியில் படம் மங்குவதும் நடுவே வட்டம் சுழல்வதும் தொடங்கியவுடன், ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில், எந்தக் கருவியின் தரவை முன்னால் விடுவது என்று குறிக்கும் QoS என்ற பகுதியைத் திறந்து, தொலைக்காட்சியின் பெயருக்கு எதிரே Highest என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்துவிட்டு, இனிச் சிக்கல் இராது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். சில வீடுகளில் அது உதவுகிறது. பல வீடுகளில் எந்த மாற்றமும் தெரிவதில்லை. இன்னும் சில வீடுகளில் இருந்த வேகமும் குறைந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் இது. தரவு எங்கே வரிசையில் காத்து நிற்கிறதோ அங்கேதான் முன்னுரிமைக்குப் பொருள் உண்டு. ரௌட்டருக்குள் வரிசையே இல்லையென்றால், யாரை முன்னால் விடுவது என்று அதனிடம் சொல்லிப் பயனில்லை.

எனவே முதல் தவறு, வரிசை எங்கே நிற்கிறது என்று பார்க்காமலேயே அமைப்பை மாற்றுவது. இதைக் கண்டறியத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், அது இணைந்துள்ள அதே வைஃபையில் ஒரு விண்டோஸ் மடிக்கணினியை வைத்து, இரண்டு Command Prompt சாளரங்களில் இந்தக் கட்டளைகளை ஆளுக்கொன்றாக ஓடவிட வேண்டும். ரௌட்டரின் முகவரி வேறாக இருந்தால் முதல் வரியில் அதை இட்டுக்கொள்ளலாம்.

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

முதலாவது வீட்டு ரௌட்டர் வரையிலான தாமதத்தையும், இரண்டாவது அதைத் தாண்டி இணையம் வரையிலான தாமதத்தையும் காட்டும். தொலைக்காட்சி திணறும் நேரத்தில் முதல் எண்ணே 2 மில்லிசெகண்டிலிருந்து 100, 200 என்று ஏறினால் சிக்கல் வைஃபையில் இருக்கிறது. சுவரும் தூரமும் பக்கத்து வீட்டு அலைகளும் உண்டாக்கும் அந்தச் சிக்கலை இணைய இணைப்புக்கான QoS தீர்க்காது. லேன் கம்பி இழுப்பதோ 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுவதோதான் வழி. முதல் எண் அப்படியே இருக்க, வீட்டில் வேறு எவரும் இணையத்தைப் பயன்படுத்தாதபோதும் இரண்டாவது எண் மட்டும் ஏறிக்கிடந்தால், நெரிசல் பெரும்பாலும் இணைப்பு வழங்குபவரின் பக்கம் இருக்கும். அதுவும் நம் ரௌட்டரின் கைக்கு எட்டாதது. வீட்டில் ஒருவர் பெரிய கோப்பு ஒன்றைப் பதிவிறக்கும்போதோ, கைபேசி புகைப்படங்களை மேலேற்றும்போதோ மட்டும் இரண்டாவது எண் ஏறி, அது நின்றதும் இறங்குமானால், QoS உதவக்கூடிய நிலை அதுதான்.

எங்கள் வீட்டில் கண்டது இந்த மூன்றாவது நிலை. 30 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. தொலைக்காட்சி லேன் கம்பியில் இருந்தது. மகன் தன் கணினியில் விளையாட்டு ஒன்றைப் பதிவிறக்கத் தொடங்கினால் 12 மில்லிசெகண்டாக இருந்த இணையத் தாமதம் 240 வரை போகும்; கூடவே படமும் மங்கும். தொலைக்காட்சிக்கு Highest கொடுத்துப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. பதிவிறக்கத்தின் வரிசை எங்கள் ரௌட்டரில் நிற்காமல், இணைப்பு வழங்குபவரின் கருவியில் நின்றதே காரணம். வெளியிலிருந்து வரும் தரவு 30 எம்பிபிஎஸ் குழாயைக் கடந்து ரௌட்டரை அடையும்போது, அதைத் தாமதமின்றி உள்ளே அனுப்ப ரௌட்டருக்கு வசதி இருக்கிறது. பங்கிடுவதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை.

இந்த வரிசையை ரௌட்டருக்குள் கொண்டுவர ஒரே வழி, இணைப்பின் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைவான எண்ணை அதனிடம் சொல்வதாகும். அந்த எண்ணைத் தாண்டி வரும் தரவை ரௌட்டர் தேக்கியோ கைவிட்டோ நிறுத்த, அனுப்பும் முனை அதை உணர்ந்து தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரவு 8 மணிக்கு, கம்பியில் இணைத்த கணினியில் மூன்று முறை வேகத்தை அளந்தபோது மிகக் குறைந்தது 28 எம்பிபிஎஸ் என்று வந்தது. அதில் ஏறக்குறைய பத்து சதவீதம் கழித்து 25 என்று பதிவிறக்க வரம்பில் இட்டேன்; மேலேற்றத்துக்கும் அதே கணக்கைச் செய்தேன். அதன் பிறகு அதே பதிவிறக்கத்தின்போது தாமதம் 30 மில்லிசெகண்டுக்குள் நின்றது, படமும் மங்கவில்லை. 3 எம்பிபிஎஸ் வேகத்தை நிரந்தரமாக விட்டுக்கொடுத்ததும், விளையாட்டு இறங்கக் கூடுதல் நேரம் ஆனதும் இதற்கான விலை. திட்டத்தில் எழுதியிருக்கும் 30ஐயே இடுவதும், கட்டத்தை வெறுமையாக விடுவதும், இயல்பாக இருக்கும் 1000ஐத் தொடாமல் விடுவதும் அமைப்பைச் செயலிழக்கச் செய்துவிடும். கட்டத்துக்குப் பக்கத்தில் Kbps என்று எழுதியிருந்தால் 25000 என்று இட வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும். வெறும் 25 என்று இட்டால் வீடு முழுவதும் இணையம் நின்றுபோனதுபோல் ஆகிவிடும்.

அடுத்த தவறு, தொலைக்காட்சிக்கே எல்லாவற்றிலும் உச்ச முன்னுரிமை தருவது. ஸ்ட்ரீமிங் செயலி சில நொடிகளுக்கான படத்துண்டை வாங்கிச் சேமித்துவிட்டுச் சற்று ஓய்ந்து, பிறகு அடுத்த துண்டை வாங்குகிறது. அதற்கு வேண்டியது போதிய அகலமே தவிர உடனடித்தன்மை அன்று; 4K படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைப்பது 15 எம்பிபிஎஸ், 1080p படத்துக்கு 5 எம்பிபிஎஸ். ஆனால் படத்தைத் தொடங்கும்போதும் முன்னோக்கி நகர்த்தும்போதும் அது கிடைக்கிற அகலம் முழுவதையும் விழுங்கும். அந்த நொடிகளில் பக்கத்து அறையில் நடக்கும் வீடியோ அழைப்பின் குரல் வெட்டுப்படும். சிறு தாமதத்தையும் பொறுக்க முடியாதது அந்த அழைப்புதான். ஆகவே அழைப்புகளுக்கு முதலிடமும் தொலைக்காட்சிக்கு அடுத்த இடமும் தருவது முறை. குறைந்தபட்சப் பங்கை உறுதி செய்யும் வசதி ரௌட்டரில் இருந்தால் தொலைக்காட்சிக்கு அதையே பயன்படுத்தலாம்.

ஓபன்டபிள்யூஆர்டி போன்ற மென்பொருள் கொண்ட ரௌட்டர்களில், வரிசை நீளாமல் தானாகவே பார்த்துக்கொள்ளும் SQM என்ற வசதி உண்டு. அதில் cake முறையைத் தேர்ந்து, கருவிவாரியாகச் சமமாகப் பங்கிடச் சொன்னால், இருபது இணைப்புகளைத் திறந்து பதிவிறக்கும் கணினியும் ஓரிரண்டு இணைப்புகளோடு இருக்கும் தொலைக்காட்சியும் ஒரே அளவு பங்கைப் பெறுகின்றன; எதற்கும் தனி முன்னுரிமை எழுத வேண்டியதில்லை. எனக்கு வாய்ப்பிருந்தால் இதையே தேர்ந்தெடுப்பேன். ஆனாலும் எந்த முறையும் இல்லாத வேகத்தை உண்டாக்காது. 25 எம்பிபிஎஸ் இணைப்பில் இரண்டு தொலைக்காட்சிகள் ஒரே நேரத்தில் 4K படம் காட்ட முடியாது.

முன்னுரிமை தவறான கருவிக்குப் போய்ச் சேர்வதும் உண்டு. ரௌட்டர் ஒரு கருவியை அதன் மேக் முகவரி என்ற அடையாள எண்ணைக் கொண்டே அறிகிறது; தொலைக்காட்சியின் வைஃபைக்கு ஒரு மேக் முகவரியும் லேன் துளைக்கு வேறொன்றும் இருப்பதால், கம்பிக்கு மாற்றிய பிறகு பழைய விதி பயனற்றுப் போகும். இணைப்பு வழங்குபவரின் பெட்டியோடு சொந்த ரௌட்டரும் இருக்கும் வீட்டில், சில கைபேசிகள் அந்தப் பெட்டியின் வைஃபையிலேயே இணைந்திருந்தால் அவற்றின் போக்குவரத்து நம் ரௌட்டரின் கண்ணில் படாது. அந்தப் பெட்டியின் வைஃபையை அணைத்துவிட வேண்டும்.

200 எம்பிபிஎஸ்ஸும் அதற்கு மேலும் உள்ள இணைப்புகளில் QoS பெரும்பாலும் தேவைப்படாது என்பதோடு, கெடுதலும் செய்யக்கூடும். அது இல்லாதபோது பல ரௌட்டர்களில் தரவை ஒரு தனி வன்பொருள் பகுதி விரைவாகக் கடத்திவிடுகிறது. QoS இயங்கினால் ஒவ்வொரு பொட்டலத்தையும் மையச் செயலி கையாள வேண்டியிருக்கும். விலை குறைந்த ரௌட்டரின் செயலி அதற்கு ஈடுகொடுக்காது. QoS இருக்கும்போதும் இல்லாதபோதும் கம்பி வழியாக வேகத்தை அளந்து, இட்ட வரம்பைவிட வெகுவாகக் குறைந்திருந்தால் அதை அணைத்துவிடுவதே சரி. திட்டத்தை உயர்த்தும் நாளில் பழைய எண்ணையும் மாற்ற வேண்டும். பக்கத்து வீட்டார் 40இலிருந்து 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மாறிய பிறகும் இரண்டு வாரம் 36க்கு மேல் வேகம் வரவில்லை. ரௌட்டரைத் திறந்து பார்த்தபோது, முன்பு QoS பகுதியில் இட்ட 36 அப்படியே இருந்தது.