பிறந்த நேரம் சரியாகத் தெரியாத ஜாதகம்: லக்ன முனையைக் கொண்டு நிமிடங்களைத் தேடும் முறை

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஜாதகம் எழுதித் தரச் சொல்லி வருகிறவர்கள் பலரும் கடிகார நேரத்தைக் கொண்டு வருவதில்லை. மலையாள எழுத்தில் ஒரு பழைய குறிப்பு இருக்கும்; அதில் கொல்லம் ஆண்டும், மகரம் 10 என்பது போன்ற தேதியும், அஸ்தமனத்துக்குப் பின் இத்தனை நாழிகை என்ற ஒரு வரியும் இருக்கும். இந்தக் கட்டுரையில் அப்படி வந்த ஒரு பெண்ணின் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு, முக்கால் மணி நேர ஐயத்தைச் சில நிமிடங்களாகக் குறைக்கும் வழியைப் படிப்படியாகக் காட்டுகிறேன். அவர் யார் என்று தெரியாமலிருக்க வேண்டும் என்பதால், பிறந்த ஆண்டையும் முழுக் கட்டத்தையும் தரவில்லை.

முதல் படி: எல்லையை வகுத்தல்

அந்தப் பெண்ணின் குறிப்பில் "அஸ்தமனம் கழிந்து ஒரு நாழிகைக்குள்" என்று மட்டும் இருந்தது. ஒரு நாழிகை 24 நிமிடம். தை மாதப் பத்தாம் தேதியை ஒட்டி எங்கள் பகுதியில் சூரியன் மறைவது மாலை 6:20 அளவில். தாயார், "காவில் தீபாராதனை மணி கேட்டது, அப்புறம்தான் பிள்ளை அழுதது" என்றார். 7 மணிப் பேருந்தில் பொள்ளாச்சிக்குத் தகவல் சொல்ல ஆள் போனதும் அவருக்கு நினைவிருந்தது. ஆகவே 6:15 முதல் 6:55 வரை என்று எல்லையைச் சற்றுத் தாராளமாகவே வைத்தேன். எல்லையைக் குறுகலாக வைத்து, உண்மையான நேரம் அதற்கு வெளியே இருந்துவிட்டால், பின்னால் செய்யும் கணக்கு முழுவதும் வீண்.

முதியவர்களின் கடிகார நேரத்தைக் கையாளும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே வைக்கப்பட்டிருந்தன. நாழிகைக் கணக்கு அந்த ஊரின் உதய அஸ்தமனத்தை ஒட்டியது என்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாம் படி: தசை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தசாபுத்தியை வைத்தே நிமிடத்தைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள். அது நடவாது. சந்திரன் 40 நிமிடத்தில் நகர்வது ஏறத்தாழ 22 கலை. ஒரு நட்சத்திரத்தின் நீளம் 800 கலை. பிறக்கும்போது நடந்தது 19 ஆண்டுச் சனி தசை என்று கொண்டால், 40 நிமிட ஐயம் முழுவதும் சேர்ந்தும் கர்ப்பச் செல் போக உள்ள இருப்பில் ஆறு மாத வித்தியாசத்தையே தரும். ஆனால் லஹிரி அயனாம்சத்தை விட்டு ராமன் அயனாம்சத்துக்குப் போனால் ஏறத்தாழ ஒன்றரை பாகை மாறி, அதே இருப்பு இரண்டு ஆண்டு நகர்ந்துவிடுகிறது. அயனாம்சத் தேர்வே நிமிடங்களைவிடப் பெரிய மாற்றத்தைத் தரும்போது, தசையை நிமிடத்துக்கு அளவுகோலாக்க முடியாது. திருமணமும் குழந்தைப்பேறும் தசையோடு சற்றும் பொருந்தாமல் போனால், பிறந்த நாளோ, காலை மாலையோ தவறாக எழுதப்பட்டிருக்கலாம் என்று ஐயப்படுவதற்கு மட்டுமே நான் அதைப் பயன்படுத்துகிறேன்.

மூன்றாம் படி: முனைகளை நகர்த்துதல்

நிமிடத்துக்கு நிமிடம் விரைந்து மாறுபவை லக்ன முனையும் பத்தாம் பாவ முனையும்தாம். இங்கே பத்தாம் முனை என்பது பத்தாம் ராசியின் தொடக்கமன்று. அந்த நேரத்தில் உச்சிவட்டத்தை அறுக்கும் ராசிமண்டலப் புள்ளி. பாவ முனைகளைப் பாகை கலையோடு காட்டும் எந்த மென்பொருளிலும் இதைப் பார்க்கலாம். நம் எடுத்துக்காட்டில் 6:19-க்கு லக்னம் கடகம் 10 பாகை, பத்தாம் முனை மேஷம் 10 பாகை 50 கலை. அதன்பின் லக்னம் ஒரு பாகை நகர 4 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும், பத்தாம் முனை ஒரு பாகை நகர 4 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவும் ஆகிறது.

இவற்றை நிகழ்வுகளோடு இணைக்க, மேற்கத்தியர் சோலார் ஆர்க் என்று சொல்லும் சூரிய நகர்வு முறையை எடுத்துக்கொள்கிறேன். பிறந்த பின் ஒரு நாள் வாழ்வின் ஓர் ஆண்டுக்குச் சமம். 26 வயது நிகழ்வுக்கு, பிறந்து 26-ஆம் நாள் சூரியன் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பஞ்சாங்கத்தில் பார்த்து, அந்த அளவை முனைக்கோ கிரகத்துக்கோ கூட்ட வேண்டும். தை மாதப் பிறப்புக்கு அது ஆண்டுக்கு ஒரு பாகையைவிடச் சிறிது கூடுதல். முனைக்கும் கிரகத்துக்கும் இடையிலுள்ள தூரத்தையே இது அளப்பதால் அயனாம்ச வேறுபாடு இதைப் பாதிப்பதில்லை. இதை நான் விரும்புவதற்கு அதுவே காரணம்.

கணக்குத் தொடங்கும் முன்பே, எந்த நிகழ்வுக்கு எந்த முனை, எந்தக் கிரகம் என்று ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். திருமணத்துக்கு ஏழாம் முனை சுக்கிரனை அடைவது, தந்தையின் மரணத்துக்குப் பத்தாம் முனை சனியை அடைவது, விபத்துக்குச் செவ்வாய் பத்தாம் முனையை அடைவது என்று எழுதினேன்.

திருமணம் 26 வயது நிறைவில் நடந்தது. நகர்வு 26 பாகை 20 கலை. சுக்கிரன் கும்பம் 11 பாகை 20 கலையில் இருந்தது. அதிலிருந்து நகர்வைக் கழித்தால் ஏழாம் முனை மகரம் 15 பாகை, அதாவது லக்னம் கடகம் 15 பாகை, நேரம் 6:40. தந்தை இறந்தபோது அந்தப் பெண்ணுக்கு 19 ஆண்டு 4 மாதம்; நகர்வு 19 பாகை 35 கலை. சனி ரிஷபம் 5 பாகையில் இருந்ததால் பத்தாம் முனை மேஷம் 15 பாகை 25 கலை ஆகிறது, நேரம் 6:37. கிணற்றடியில் விழுந்து கால் முறிந்தது 11 வயது நிறைந்த சமயத்தில், மேஷம் 4 பாகை 45 கலையில் இருந்த செவ்வாயுடன் 11 பாகை 10 கலையைக் கூட்டினால் 15 பாகை 55 கலை, நேரம் 6:39.

நான்காம் படி: ஒதுக்கி வைத்த நிகழ்வால் சோதித்தல்

இந்தப் படியை விட்டுவிடுகிறவர்களின் திருத்தத்தை நான் நம்புவதில்லை. நான்கு முனைகள், ஒன்பது கிரகங்கள், பல பார்வைகள் என்று தேடிக்கொண்டே போனால், எந்த நிமிடத்தை எடுத்தாலும் ஏதாவது ஒன்று பொருந்தத்தான் செய்யும். அதனால் முதல் குழந்தை பிறந்த தேதியை நான் முன்கூட்டிப் பார்க்கவில்லை. லக்னம் குருவை அடைவது என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன். குரு சிம்மம் 13 பாகை 40 கலையில் இருந்தது. மூன்று விடைகளின் சராசரியான 6:39-க்கு லக்னம் கடகம் 14 பாகை 40 கலை. இடைவெளி 29 பாகை. அதற்குரிய வயது 28 ஆண்டு 8 மாதம். கேட்டபோது, குழந்தை பிறந்தது 28 ஆண்டு 4 மாதத்தில் என்றார். நான்கு மாத வித்தியாசம் ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. 6:20 என்று வைத்திருந்தால் இதே கணக்கு 33 வயதையும், 6:50 என்று வைத்திருந்தால் 26 வயதையும் காட்டியிருக்கும்.

நிகழ்வின் தேதியில் மூன்று மாதம் பிசகினால் விடையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் பிசகும். எனவே "பத்தாவது படிக்கும்போது" என்பது போன்ற நினைவுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். திருமணப் பத்திரிகை, இறப்புச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் போன்று தேதி எழுதிய தாள்களைக் கேளுங்கள். மூன்று விடைகள் பத்துப் பதினைந்து நிமிடம் சிதறினால், சராசரி எடுத்து ஒப்பேற்றாமல், நேரம் கிடைக்கவில்லை என்று வந்தவரிடம் சொல்லிவிட வேண்டும். பொருந்தினாலும் அது இந்த முறைக்குள் கிடைத்த மதிப்பீடுதான். பிறந்த நேரத்துக்கான ஆவணமாக யாரிடமும் காட்டக் கூடாது.

அந்தப் பெண்ணின் குறிப்பேட்டில் "மாலை 6:39, முன்பின் 3 நிமிடம்" என்று எழுதிக் கொடுத்தேன். லஹிரி அயனாம்சப்படி 6:33 முதல் 6:47 வரை நவாம்ச லக்னம் விருச்சிகமே என்பதால், நவாம்சத்தை அவர் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் சஷ்டியம்சத்தை இந்த நேரத்தைக் கொண்டு பார்க்க வேண்டாம் என்றும் அதன் கீழேயே குறித்திருக்கிறேன்.