பழைய முதலாளியிடம் அனுபவக் கடிதம் கேட்பது எப்படி? கப்பலூரிலிருந்து கனடாவுக்கு ஒரு செய்முறை

வேலையை விட்டு நிற்கும்போது நம்ம ஊர்க் கம்பெனிகள் கொடுப்பது பெரும்பாலும் நாலு வரித் தாள்தான்: இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை வேலை பார்த்தார், நன்னடத்தை உள்ளவர். மதுரைக்குள் அடுத்த வேலைக்கு அது போதும். கனடாவில் குடியேற எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் விண்ணப்பித்தால் போதாது. லெட்டர்ஹெட்டில் கம்பெனியின் முகவரி, போன், மின்னஞ்சல் இருக்க வேண்டும். பதவி, தேதிகள், செய்த வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளம், படிகள் எல்லாம் வர வேண்டும். கீழே மேலதிகாரியின் பெயர், பதவி, கையெழுத்து. நன்னடத்தையை அங்கே யாரும் கேட்கவில்லை.

கப்பலூர் சிட்கோ பேட்டையில் ஒரு பட்டறையில் 2018 ஜூன் முதல் 2022 மே வரை சி.என்.சி. மெஷினிஸ்டாக இருந்தவரை எடுத்துக்கொள்வோம்.

1. கேட்பதற்கு முன் தேதியைப் பாருங்கள்

பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து சேர்ந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சின்னப் பட்டறைகளில் ஆளைச் சேர்த்து சில மாதம் கழித்துத்தான் பி.எஃப். போடுவார்கள். கடிதத்தில் 2018 ஜூன், பாஸ்புக்கில் 2019 ஜனவரி என்றால் சரிபார்ப்பவருக்குச் சந்தேகம் வரும். அந்த முதல் சில மாதம் உண்மையிலேயே டிரெய்னியாக இருந்திருந்தால், அந்தக் காலத்தையும் பதவியையும் தனி வரியாகக் கேளுங்கள். அந்த மாதங்களுக்குப் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் சம்பளம் ஏறியிருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். இல்லாத தேதியைப் போடச் சொல்லாதீர்கள். அது கையெழுத்துப் போடுகிறவரையும் மாட்டிவிடும்.

2. முதலில் போன், பிறகு மெசேஜ்

நாலு வருஷம் பேசாமல் இருந்துவிட்டு எடுத்த எடுப்பில் வாட்ஸ்அப்பில் கேட்டால் முதலாளிக்கு மனசு கோணும். காலை பதினொரு மணிவாக்கில் கூப்பிடுங்கள். ஜி.எஸ்.டி. கணக்குக் கட்டும் 20ஆம் தேதியையும், ஆயுத பூஜை வாரத்தையும் தவிருங்கள். பேசி முடித்ததும் இப்படி அனுப்பலாம்:

"வணக்கம் சார். போனில் சொன்ன விஷயம்தான். கனடா விண்ணப்பத்துக்கு நம்ம பட்டறையில் வேலை பார்த்ததற்கான கடிதம் வேணும். என்னென்ன வரணும்னு மாதிரி ஒண்ணு டைப் பண்ணி அனுப்பியிருக்கேன். தப்பு இருந்தா நீங்களே திருத்திக்கோங்க சார். வர்ற 15ஆம் தேதிக்குள் கிடைச்சா வசதியா இருக்கும். தம்பி நேரில் வந்து வாங்கிக்குவான்."

எதற்கு, எப்போதைக்குள், யார் வாங்கிக்கொள்வார் என்று மூன்றும் இதில் இருக்கின்றன. 'சீக்கிரம்' என்று மட்டும் சொன்னால் கடிதம் மேஜை டிராயரிலேயே கிடக்கும்.

3. மாதிரியை நீங்களே எழுதிக் கொடுங்கள்

கடிதம் ஆங்கிலத்தில் இருக்கட்டும், மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம். பலர் சறுக்குவது வேலைகளின் பட்டியலில்தான். கனடாவின் தொழில் பட்டியலில் மெஷினிஸ்டுக்கு 72100 என்ற எண். அந்தப் பக்கத்தில் உள்ள வரிகளை அப்படியே ஒட்டினால் பார்த்ததுமே தெரிந்துவிடும். நீங்கள் மெஷினில் நின்று செய்ததை எழுதுங்கள்.

'சி.என்.சி. மெஷின்களை இயக்கினார்' என்பது வெறும் வரி. 'டிராயிங் பார்த்து டர்னிங் சென்டரில் புரோகிராம் ஏற்றி, பம்ப் ஷாஃப்ட் கடைந்து, 0.02 மி.மீ. டாலரன்ஸை மைக்ரோமீட்டரால் சரிபார்த்து, ஆஃப்செட் திருத்தினார்' என்றால் ஆள் நின்ற இடம் தெரிகிறது. இப்படி ஆறேழு வரி போதும். ஷிஃப்ட் 8 மணி நேரம், வாரம் 6 நாள் என்றால் 48 மணி நேரம் என்று எண்ணாகவே போடுங்கள். 'முழுநேரம்' என்று மட்டும் இருந்தால் அவர்களால் கணக்குப் போட முடியாது.

4. வாங்கும்போது பார்க்க வேண்டியது

லெட்டர்ஹெட் பழசாக இருந்தால் அதிலுள்ள லேண்ட்லைன் எப்போதோ துண்டித்ததாக இருக்கும். ஓடுகிற மொபைல் எண்ணைக் கையெழுத்துக்குக் கீழே போடச் சொல்லுங்கள். டொரன்டோவில் காலை 10 மணி என்றால் கோடையில் இங்கே இரவு 7.30. பட்டறைப் போனை அந்நேரத்தில் எடுக்க ஆளிருக்காது. அங்கிருந்து போனோ மெயிலோ வரலாம் என்று முதலாளியிடமும் கணக்குப்பிள்ளையிடமும் சொல்லி வையுங்கள். தெரியாத வெளிநாட்டு எண் என்று கட் பண்ணிவிடுவார்கள்.

ஸ்கேன் கலரில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வாங்கினால் போட்டோவாக வேண்டாம், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக வந்தால் சீலின் எழுத்து கலங்கிவிடும்.

5. முதலாளி தயங்கினால்

சம்பளத்தைக் காகிதத்தில் போட யோசிப்பவர்கள் உண்டு. வற்புறுத்த வேண்டாம். மற்றதை எழுதி வாங்கிக்கொண்டு, சம்பளத்துக்குச் சம்பளச் சீட்டு, படிவம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட் ஆகியவற்றைச் சேருங்கள். பட்டறையே மூடிவிட்டால், அப்போதைய சூப்பர்வைசரிடம் கையெழுத்திட்ட கடிதம் வாங்கி, லெட்டர்ஹெட் ஏன் இல்லை என்று ஒரு பக்க விளக்கக் கடிதத்தையும் இதே ஆவணங்களையும் இணைத்து அனுப்புங்கள். ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் கையில்தான்.