முடிவறிக்கையில் கையெழுத்து விழாமல் நின்றபோது

பழைய பில்லிங் மென்பொருளை மாற்றும் திட்டம். வேலை முடிந்தும் முடிவறிக்கையில் ஸ்பான்சர் கையெழுத்துப் போடவில்லை. வரைவில் ஒரு மாதத் தாமதம் என்றிருந்தது. அவர் கணக்கிலோ மூன்று மாதம். இரண்டுமே சரிதான். முதலில் போட்ட திட்டம் 6 மாதம், நடுவில் ஒப்புதல் பெற்ற மாற்றத்தால் 8 ஆனது, முடிந்தது 9-இல். வரைவு திருத்திய திட்டத்தோடு மட்டும் ஒப்பிட்டிருந்தது. அட்டவணையில் முதல் திட்டம், ஒப்புதலான மாற்றம், நடந்தது என்று தனித்தனிப் பத்தி வைத்து, மாற்றக் கோரிக்கையின் எண்ணையும் சேர்த்தேன். வாக்குவாதம் அடங்கியது.

மிச்சம் அந்த ஒரு மாதம். பழைய தரவில் ஒரே வாடிக்கையாளர் இரண்டு மூன்று பெயர்களில் பதிவாகியிருந்ததுதான் காரணம். கற்ற பாடம் என்ற இடத்தில் 'தகவல் தொடர்பு மேம்பட வேண்டும்' என்றிருந்தது (யாருக்கு உதவும் அது?). அதை அடித்துவிட்டு, 'தேதி குறிக்கும் முன் பழைய தரவில் ஒரு பகுதியை ஏற்றிப் பார்க்கவும்' என்று எழுதினேன்.

அப்புறம் முடியாத வேலைகள். இரண்டு ரிப்போர்ட்கள் பாக்கி. 'பராமரிப்புக் குழு பார்த்துக்கொள்ளும்' என்று எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள். அந்தக் குழுத் தலைவரிடமே பேசி, அவர் பெயர், முடிக்கும் தேதி, செலவு எந்தக் கணக்கில் என்பதை எழுதி, அவர் ஒப்புக்கொண்ட மின்னஞ்சலையும் இணைத்தேன். இரண்டில் ஒரு ரிப்போர்ட்டை மட்டும் அவர் ஏற்கவில்லை. அதைக் கைவிடலாமா என்று ஸ்பான்சரிடமே கேட்டேன். சரி என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.