பவர்பாயிண்ட் ஸ்லைடில் வைத்த வீடியோ வேறு கம்ப்யூட்டரிலும் ஓட

நம் லேப்டாப்பில் அழகாக ஓடிய வீடியோ, பென் டிரைவில் கொண்டுபோய் வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் கறுப்புக் கட்டமாக நிற்கும். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வீடியோ அந்த பவர்பாயிண்ட் ஃபைலுக்குள் இல்லவே இல்லை. அது எங்கே இருக்கிறது என்ற விலாசம் மட்டும்தான் உள்ளே இருக்கிறது.

விலாசத்தை மட்டும் வைப்பது லிங்க் செய்வது. வீடியோவையே ஃபைலுக்குள் சேர்த்துவிடுவது எம்பெட் செய்வது. வேறு கம்ப்யூட்டரில் காட்டப் போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் எம்பெட் செய்யுங்கள். ஃபைல் பெரிதாகும், ஆனால் தூக்கிச் செல்ல வேண்டியது ஒரே ஒரு ஃபைல்தான்.

விண்டோஸில் செய்யும் முறை இது. வீடியோ வர வேண்டிய ஸ்லைடைத் திறந்து, Insert டேபில் Video, அதில் This Device என்று போங்கள். ஃபைலைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி வரும். வீடியோவை ஒரு முறை கிளிக் செய்துவிட்டு, கீழே இருக்கும் Insert பட்டனைக் கவனியுங்கள். அதன் ஓரத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால் Insert, Link to File என்று இரண்டு வழிகள் தெரியும். நமக்கு வேண்டியது Insert. பிறகு ஃபைலை .pptx ஆகவே சேமியுங்கள்.

உண்மையிலேயே உள்ளே போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஃபைலின் அளவைப் பாருங்கள். உதாரணமாக, உங்கள் ஸ்லைடுகள் 3 எம்பி, வீடியோ 60 எம்பி என்று வைத்துக்கொள்வோம். சேமித்த பிறகு ஃபைல் சுமார் 63 எம்பி இருந்தால் வீடியோ உள்ளே இருக்கிறது. இன்னும் 3 எம்பியே காட்டினால் லிங்க்தான் ஆகியிருக்கிறது.

இன்னும் சந்தேகம் இருந்தால், ஃபைலை ஒரு காப்பி எடுத்து, அதன் பெயரில் .pptx என்பதை .zip என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே ppt என்ற ஃபோல்டரும் அதற்குள் media என்ற ஃபோல்டரும் இருக்கும். எம்பெட் ஆகியிருந்தால் media1.mp4 போன்ற பெயரில் உங்கள் வீடியோ அங்கே உட்கார்ந்திருக்கும். காப்பியில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

சரி, ஏற்கெனவே லிங்க் செய்து முடித்துவிட்டீர்களா? அழித்துவிட்டு மறுபடி சேர்க்கத் தேவையில்லை. வீடியோ இருக்கும் கம்ப்யூட்டரிலேயே File, Info என்று போனால் வலது பக்கம் கீழே Edit Links to Files இருக்கும். அதைத் திறந்து, வீடியோவின் வரியைத் தேர்ந்தெடுத்து Break Link கொடுங்கள். பெயரைக் கேட்டால் வீடியோவே அறுந்துபோய்விடும் போலிருக்கும். நடப்பது நேர்மாறு: விலாசம் போய், வீடியோ ஃபைலுக்குள் வந்துவிடும். சேமித்துவிட்டு அளவை மறுபடி பாருங்கள்.

எம்பெட் செய்தும் ஓடவில்லை என்றால் சிக்கல் வீடியோவின் வகையில் இருக்கும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். .mp4 என்பது வெளி உறை மட்டுமே, உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பது வேறு விஷயம். இப்போதைய போன்கள் பலவும் HEVC முறையில் பதிவு செய்கின்றன. அதைப் படிக்கும் கோடெக் என்ற மென்பொருள் இல்லாத கம்ப்யூட்டரில் சத்தம் மட்டும் கேட்கலாம், அல்லது எதுவுமே வராமல் போகலாம். பாதுகாப்பான வகை, படத்துக்கு H.264, ஒலிக்கு AAC கொண்ட mp4. வீடியோ மாற்றும் எந்த மென்பொருளிலும் இந்த இரண்டையும் தேர்ந்தெடுத்து மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய வீடியோவை ஸ்லைடில் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

ஃபைல் ரொம்பப் பெரிதாகிவிட்டால் File, Info, Compress Media போய் HD (720p) தேர்ந்தெடுங்கள். புரொஜெக்டரில் காட்ட அது பெரும்பாலும் போதும். தரம் குறையும் என்பதால் முன்பே ஒரு காப்பி வைத்துக்கொள்வது நல்லது.

லிங்க்தான் வேண்டும் என்று சிலர் இருப்பார்கள். ஒரு மணி நேர வீடியோ என்றால் அதிலும் நியாயம் உண்டு. அப்படியானால் ஸ்லைடு ஃபைலையும் வீடியோவையும் முதலில் ஒரே ஃபோல்டரில் போட்டுவிட்டு, அப்புறம் அங்கிருந்தே லிங்க் செய்யுங்கள். கொண்டுபோகும்போது முழு ஃபோல்டரையும் எடுத்துச் செல்லுங்கள், வீடியோவின் பெயரை மாற்றாதீர்கள்.

கடைசியாக ஒரு சோதனை. அசல் வீடியோவை உங்கள் கம்ப்யூட்டரில் தற்காலிகமாக வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு ஸ்லைடு ஷோவை ஓட்டுங்கள். வீடியோ ஓடினால் எம்பெட் சரியாக ஆகியிருக்கிறது. ஆனால் கோடெக் சிக்கல் இதில் பிடிபடாது, ஏனென்றால் உங்கள் கம்ப்யூட்டரில் அந்தக் கோடெக் இருக்கலாம். அதற்கு, காட்டப்போகும் கம்ப்யூட்டரிலேயே கொஞ்சம் முன்னதாகப் போய் அந்த ஒரு ஸ்லைடை மட்டுமாவது ஓட்டிப் பாருங்கள்.