"மீன், கருவாடு வேணாம்" என்று ஹவுஸ் ஓனர் சொன்னால்: பதிலில் நேரும் தவறுகள்

கீழே ஓனர், மாடியில் நீங்கள். ஞாயிற்றுக்கிழமை கருவாடு வறுத்தீர்கள். திங்கள் காலை படிக்கட்டில் நிறுத்தி, "இனிமே மீன், கருவாடெல்லாம் வேணாம்" என்கிறார்.

சங்கடத்தில் பலரும் "சரிங்க சார்" என்று சொல்லிவிடுவார்கள். அடுத்த வாரம் சன்னலைச் சாத்திக்கொண்டு சமைப்பார்கள். பெரிய தவறு இதுதான். மீன் வாடை கதவிடுக்கில் நுழைந்து படிக்கட்டு வழியே இறங்கிவிடும். அதன்பின் பேச்சு மீனைப் பற்றி இருக்காது, சொன்ன சொல்லை மீறியதைப் பற்றித்தான் இருக்கும்.

"அக்ரிமென்ட்ல இப்படி இல்லையே?" என்று எடுத்த எடுப்பில் கேட்பதும் உதவாது. நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் வழக்கமான 11 மாத அக்ரிமென்ட் முடியும்போது புதுப்பிக்கலாமா என்று யோசிப்பவர் அவர். பத்திரத்தை எடுத்து ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள், காட்ட வேண்டாம்.

படிக்கட்டில் இவ்வளவு போதும்: "உங்களுக்குச் சிரமமா இருந்திருக்கு, மன்னிச்சுக்கோங்க சார். வீட்ல பேசிட்டு சாயங்காலம் வந்து சொல்றேன்." இதில் ஒப்புதலும் இல்லை, மறுப்பும் இல்லை.

மாலையில் நேரில் போய் ஒரே ஒரு கேள்வி: "வாடைதான் தொந்தரவா சார், இல்ல இந்த வீட்லயே அசைவம் சமைக்க வேணாம்னு நினைக்கிறீங்களா?" இதைக் கேட்காமல் பேசினால், அவர் ஒன்றை நினைக்க நீங்கள் வேறொன்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

வாடைதான் என்றால் "வராம பாத்துக்கறேன்" என்று சொல்லாதீர்கள். அது உங்கள் கையில் இல்லை. கையில் இருப்பதைச் சொல்லுங்கள்: "கருவாடு இனி இங்க வறுக்கல சார். மீன் ஞாயித்துக்கிழமை மட்டும், அதுவும் குழம்புதான். கடையிலேயே வெட்டி, சுத்தம் பண்ணி வாங்கிட்டு வர்றோம். கழிவைக் கட்டி அன்னிக்கே வெளிய போட்டுடறோம்." குழம்புக்குக் காரணம் உண்டு. மீனின் கவிச்சி அமீன்கள் என்ற காரத்தன்மையுள்ள வேதிப்பொருள்களால் வருவது. புளியின் அமிலம் அவற்றைப் பிடித்துவைக்கும். வறுக்கும்போதோ எண்ணெய்ப் புகையோடு வாடை வீடெங்கும் பரவும். எக்ஸாஸ்ட் ஃபேன் அவர் சன்னல் பக்கம் காற்றைத் தள்ளுகிறதா என்பதையும் பாருங்கள். அப்படியிருந்தால் அதைப் போடுவதே புகாருக்குக் காரணமாகிவிடும்.

நம்பிக்கை சார்ந்த தடை என்றால் புகை, புளி பற்றிய பேச்சே எடுக்காதீர்கள். "வாடையே வராது சார்" என்பது அவரைக் கேலி செய்வதாகப் படும். எல்லையை மட்டும் கேளுங்கள்: முட்டை சமைக்கலாமா, ஹோட்டலில் வாங்கி வந்து சாப்பிடலாமா? ஒத்துவராது என்றால் தயங்காமல் சொல்லலாம்: "எங்க வீட்ல மீன் இல்லாம முடியாது சார். உங்க மனசையும் கஷ்டப்படுத்த விரும்பல. வேற வீடு பாக்க ரெண்டு மாசம் டைம் குடுங்க, அதுவரைக்கும் இங்க சமைக்கல." கூடவே, அட்வான்ஸ் எப்போது திரும்பக் கிடைக்கும் என்றும் அன்றே கேட்டுவிடுங்கள்.

எதில் முடிந்தாலும் பேசி முடித்ததை அன்றிரவே வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் அனுப்புங்கள். வாடைதான் பிரச்சினை என்றால் இப்படி: "பேசினதுக்கு நன்றி சார். சொன்னபடி கருவாடு வறுக்க மாட்டோம், மீன் குழம்பு ஞாயிறு மட்டும்."