60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம்? புட்டையும் ஜப்பான் மீனையும் வச்சே கணக்குப் பாப்பம்

என்ர மச்சான் முத்தையன்கட்டுப் பக்கம், மேசன் வேலை, இப்ப ரெண்டு மாசமா பின்னேரத்தில ஜிம்முக்கும் போறான். "நான் ஒவ்வொரு நாளும் மீன் தின்னுறன், ஆனா உடம்பு ஏறுதில்லை" எண்டு புலம்பினான், அப்ப அவனை இருத்தி வச்சுப் போட்ட கணக்குத்தான் இது.

முதல்ல நிறையைப் பாருங்கோ, காலமை சாப்பிட முதல். சும்மா இருக்கிற ஆளுக்கு கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் போதும், அது உடம்பு பழுதாகாம இருக்கிற அளவு. பாரம் தூக்கித் தசை ஏத்தோணும் எண்டா 1.6 கிராமை எடுங்கோ, அதுக்கு மேல போனா பெருசா லாபம் இல்லை. வயசு போன ஆக்களுக்கு 1 தொடக்கம் 1.2. உடம்பு நல்லாப் பெருத்த ஆள் எண்டா முழு நிறையையும் பெருக்காதேங்கோ, கணக்கு வீணாக் கூடிப்போகும். உயரத்தில 100ஐக் கழிச்சு வாறதைக் கிலோவா எடுங்கோ, 165 சென்ரிமீற்றர் ஆளுக்கு 65.

மச்சான் 60 கிலோ. 60 × 1.6 = 96 கிராம். நாலு நேரமாப் பிரிச்சா நேரத்துக்கு 24.

இன்னொரு விசயம், வவுனியாப் பக்கமும் எங்கட பக்கமும் சிறுநீரக வருத்தக்காரர் கனபேர் இருக்கினம். அந்த வருத்தம் உள்ள ஆக்கள், இல்லாட்டி கிரியாற்றினின் கூட எண்டு சொல்லப்பட்ட ஆக்கள் இந்தக் கணக்கைத் தொடவேண்டாம், கிளினிக்கில கேட்டு அவை சொல்லுற அளவுதான்.

அடுத்தது, இப்ப என்ன சாப்பிடுறியள் எண்டு ஒரு நாள் முழுக்க எழுதுங்கோ, ஒரு சின்ன டிஜிட்டல் தராசு இருந்தா நல்லம். மச்சான்ர நாள் இப்பிடி இருந்தது: காலமை புட்டும் சம்பலும், 7 கிராம் மட்டில. மத்தியானம் சோறு, பருப்பு, ஒரு துண்டு மீன். பின்னேரம் பிளேன்ரீயும் பிஸ்கற்றும், அது 2. இரவு எட்டு இடியப்பமும் சொதியும், 7 வரும்.

மீனிலதான் அவன் பிழை விட்டவன். 100 கிராம் மீன் எண்டா 100 கிராம் புரதம் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறான், அது பிழை, பச்சை மீன் சதை 100 கிராமில 20 கிராம் மட்டில தான் புரதம், மிச்சம் முக்கால்வாசியும் தண்ணி. அதோட குளத்து ஜப்பான் மீனில தலை, முள்ளு, குடல் எல்லாம் போனா மூண்டில ஒரு பங்குதான் சதை, 300 கிராம் மீன் ஒண்டு வாங்கினா கையில மிஞ்சுறது 20 கிராம் புரதம். நம்பேல்ல. கறியில இருந்த துண்டை நிறுத்தம், 90 கிராம், திண்டு முடிய முள்ளை நிறுத்தம், 35. சதை 55 கிராம். சமைச்ச சதையில தண்ணி குறைஞ்சு புரதம் கொஞ்சம் கூட, அதால 14 கிராம் எண்டு வச்சம். சோத்தில 8, பருப்பில 4, மத்தியானம் மொத்தம் 26. நாள் முழுக்கக் கூட்டினா 42. வேண்டியது 96!

இப்ப ஓட்டை எங்க எண்டு தெரியுது, மத்தியானம் சரி, மற்ற மூண்டு நேரமும் வெறும் மாச்சாப்பாடு. அதால மத்தியானத்தைத் தொடேல்ல. காலமை புட்டோட ரெண்டு முட்டை, 12, அதோட ரெண்டு குவிச்ச கரண்டி பால்மா போட்ட தேத்தண்ணி, 5, மொத்தம் 24. பின்னேரம் பிஸ்கற்றை விட்டுட்டு 60 கிராம் கௌப்பி அவிச்சு, ஒரு பிடி கச்சான், 21. இரவு இடியப்பத்தோட 35 கிராம் காய்ஞ்ச சோயாமீற் கறி, 24. கூட்டுங்கோ, 95. ஒரு கிராமுக்காகத் தலையைப் போட்டு உடைக்கத் தேவையில்லை.

எல்லாத்தையும் இரவில ஒரு கோழியாத் திண்டா என்ன எண்டு கேட்டவன். அது அப்பிடியே வீணாப் போகாது, செமிக்க நேரம் எடுக்கும், அவ்வளவுதான். நாள் மொத்தம்தான் முக்கியம், பிரிக்கிறது அதுக்கு அடுத்தது. ஆனா கொழுப்பு மாதிரி புரதத்தைச் சேத்து வைக்க உடம்பில இடமில்லை, ஒருக்காச் சாப்பிட்டா சில மணித்தியாலம் தசை கட்டுற வேலை ஏறும், பிறகு இறங்கும், அதால நாலு தரம் குடுக்கிறது நல்லம். அதோட 90 கிராமை ஒரே நேரத்தில திண்டு பாருங்கோ, ரெண்டு நாளில வெறுத்துப் போகும்.

கௌப்பியை இரவே ஊறப்போட்டு அந்தத் தண்ணியை ஊத்திப்போட்டு அவியுங்கோ. மச்சான் முதல் நாளே நேரா 60 கிராமில தொடங்கி வயிறு ஊதி ஜிம்முக்குப் போகேல்ல, பிறகு 20 கிராமில இருந்து கிழமைக்கு ஒருக்காக் கூட்டித்தான் சரி வந்தது.