கேதாரம் போகிறவர்களுக்கு: மலைநாட்டு ஷெயார் ஜீப்பில் இடம் பிடிக்கும் முறை

பலாலியில் ஏறி, சென்னையில் இறங்கி, டெல்லி வழியாக ரிஷிகேஷ் வரை எங்கள் ஆட்கள் சிரமமில்லாமல் போய்விடுகிறார்கள். அதற்கு மேலே, கேதார்நாத் போகும் இமயமலைப் பாதையில் பஸ் கிடைக்காதபோதுதான் தடுமாற்றம். அங்கே ஊருக்கு ஊர் ஓடுவது ஷெயார் ஜீப். பொலேரோ, சுமோ, மக்ஸ் என்று எந்த வண்டியாக இருந்தாலும் ஊர்ச்சனத்துக்கு எல்லாம் 'ஜீப்' தான். போன முறை மாமா, மாமியோடு நானும் மனைவியும் போய்வந்த பிறகு, ஒழுங்கையில் நாலு பேராவது இதைப்பற்றி விசாரித்துவிட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஊர்ப்பழக்கத்தை மறக்கவேண்டும்

யாழ்ப்பாணத்தில் மினிபஸ்ஸை வெளிக்கிடுத்துவது ரைம்கீப்பர். நேரம் வந்தால் பாதிச் சீற் காலியாக இருந்தாலும் எடுக்கவேண்டும். குறைந்த சனத்தை வழியில்தான் பொறுக்குவார்கள். கோப்பாய்ச் சந்தியில் நின்று கையைக் காட்டினால் போதும், "ஏறுங்கோ அண்ணை, உள்ளுக்கு இடமிருக்கு" என்று கொண்டக்டர் இழுத்துப் போட்டுவிடுவார்.

மலை ஜீப் நேர் எதிர். அதற்கு நேரம் கிடையாது, நிரம்பவேண்டும். நிரம்பினால்தான் ஸ்ராண்டை விட்டு அசையும். அப்படியென்றால் நடுவழியில் வருகிற ஜீப் எல்லாம் ஏற்கெனவே நிரம்பியவைதான். நாங்கள் முதல்நாள் செய்த பிழை இதுவே. ரிஷிகேஷில் தபோவனம் பக்கம் அறை எடுத்திருந்தோம். மலைக்குப் போகிற பெருந்தெரு அந்த வழியால்தான் போகிறது. ஆகவே வாசலில் நின்றே மறிக்கலாம் என்று விடிய ஐந்தரைக்குப் பைகளோடு நின்றோம். ஒன்றேகால் மணித்தியாலம் கையைக் காட்டினோம். ஒன்றும் நிற்கவில்லை. கண்ணாடிக்குள்ளால் பத்து முகம் எங்களைப் பார்த்துக்கொண்டு போனதுதான் மிச்சம்.

பேந்து ஓட்டோ பிடித்துக் கீழே நட்ராஜ் சௌக் வந்தோம். மலைக்குப் போகும் ஜீப்புகள் அந்தச் சந்தியடியிலும் யாத்திரை பஸ் நிலையத்தை அண்டியும் நிற்கும். பின்னோக்கிப் போவது போலத் தெரிந்தாலும் ஏறவேண்டிய இடம் தொடக்கம்தான்.

கேதாரம் என்று கேட்காதீர்கள், அடுத்த ஊரைக் கேளுங்கள்

கேதாரப் பாதையில் வெளிவண்டிகள் போகிற கடைசி ஊர் சோன்பிரயாக். ரிஷிகேஷிலிருந்து நேரே அதுவரை போகும் ஜீப் எல்லா நாளும் அமையாது. ஓட்டம் துண்டு துண்டாகத்தான். ரிஷிகேஷிலிருந்து ருத்ரபிரயாக் ஏறக்குறைய 140 கிலோமீற்றர். தேவபிரயாக், ஸ்ரீநகர் வழியாகப் போகும் (இது காஷ்மீர் ஸ்ரீநகர் அல்ல). அங்கே இறங்கி குப்தகாசிக்கு ஒன்று, குப்தகாசியிலிருந்து சோன்பிரயாக்குக்கு இன்னொன்று. ருத்ரபிரயாக்கில் பாதை பிரிகிறது. மந்தாகினிக் கரையால் போவது கேதாரம், அளகநந்தாக் கரையால் போவது பத்ரி. ஒவ்வொரு திசைக்கும் ஜீப் வரிசை வேறு. "குப்தகாசி, குப்தகாசி" என்று கேட்டுக்கொண்டே நடந்தால் சரியான வரிசையில் கொண்டுபோய் விடுவார்கள்.

வரிசையும் கணக்கும்

ஸ்ராண்டில் ஐந்து ஜீப் நின்றாலும் நிரப்புவது ஒன்றைத்தான். முறை வந்த வண்டி நிரம்பும் வரை மற்றச் சாரதிகள் தேத்தண்ணி குடிப்பார்கள். ஆகவே வடிவான வண்டியைத் தெரிவுசெய்ய முடியாது. சீற்றைத் தெரிவுசெய்யலாம்.

பெரும்பாலும் பத்துப் பேர் கணக்கு: சாரதிக்குப் பக்கத்தில் இரண்டு, நடுவில் நாலு, பின்னால் எதிரெதிர் வாங்கில் நாலு. பின்வாங்கில் பக்கவாட்டாக இருந்து வளைவுகளில் போனால் குடல் வாய்க்கு வந்துவிடும். வயதானவர்களை நடுவரிசை யன்னலோரம் இருத்துங்கள். இடம் பிடிக்க சீற்றில் ஒரு துவாயைப் போட்டால் போதும், அதை மதிக்கிறார்கள். பெரிய பைகள் கூரைக்கு ஏறும். மழை வந்தால் நனையாமல் உடுப்பை பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள்.

சாரதி "இப்ப வெளிக்கிடுறம்" என்ற கருத்தில் கத்திக்கொண்டே இருப்பார். அதைக் கேட்காமல் தலைகளை எண்ணுங்கள். உள்ளே இருப்பவர்களில் கூட்டுக்கு இருக்கிற சாரதியின் சிநேகிதரும் இருக்கலாம். கையில் பையும் இல்லை, கூரையில் மூட்டையும் இல்லை என்றால் அந்தத் தலையைக் கணக்கில் சேர்க்கவேண்டாம்.

கேட்கவேண்டிய ஹிந்தி ஒரு வரிதான்: "கித்னி சவாரி பாக்கி ஹை?" இன்னும் எத்தனை பேர் வேண்டும் என்று அர்த்தம். அங்கே சவாரி என்றால் பயணி. மாமாவுக்கு மாட்டுவண்டிச் சவாரிதான் ஞாபகம் வந்தது, கேட்கும்போதெல்லாம் சிரித்தார். "புக்கிங்" என்ற சொல்லை மட்டும் வாயிலெடுக்காதீர்கள். அதைச் சொன்னால் முழு ஜீப்பையும் நீங்கள் பிடிப்பதாக எடுத்து, பத்துச் சீற் காசு சொல்வார்கள்.

இரண்டு சீற் குறைந்தால்

ருத்ரபிரயாக்கில் எங்களுக்கு நடந்தது இது. குப்தகாசிக்கு ஆளுக்கு 150 இந்திய ரூபா. எங்களோடு சேர்த்து எட்டுப் பேர் ஏறிவிட்டோம். முக்கால் மணித்தியாலமாக ஒன்பதாவது ஆள் வரவில்லை. மாமி பொறுமையிழந்து, "தம்பி, அந்தக் காசை நாங்களே குடுத்திட்டுப் போவமே" என்றார்.

கேட்கலாம், அது அங்கே வழக்கம்தான். காலி இரண்டுக்கும் 300 ரூபா. எட்டாகப் பிரித்தால் ஆளுக்கு 40 ரூபாகூட வராது. ஆனால் கல்லூரிப் பெடியன் ஒருவனும் ஊர்க்கிழவி ஒருவரும் தரமாட்டோம் என்றார்கள். தினமும் போய்வருகிறவர்களுக்கு ஒரு மணித்தியாலம் காத்திருப்பது பெரிய காரியமில்லை, அது நியாயமும்கூட. மிச்சம் ஆறு பேரும் ஆளுக்கு 50 போட்டோம். எங்கள் நாலு பேருக்கும் 800 ஆனது. முழு ஜீப்பாகப் பிடித்திருந்தால் 1500.

ஒன்றைப் பேசாமல் விட்டோம். காலிச் சீற்றுக்குக் காசு கொடுத்தால் அது எங்களுடையது, வழியில் ஆளை ஏற்றக்கூடாது என்று வெளிக்கிடமுன் சொல்லியிருக்கவேண்டும். அகத்தியமுனி என்ற ஊரில் (ஓம், எங்கள் அகத்தியரின் பெயர்தான்) வண்டியை நிறுத்தி இரண்டு பேரை ஏற்றினார் சாரதி. நான் விரலால் ஆறு காட்டி, பிறகு ஐம்பது காட்டினேன். இறங்கும்போது ஆளுக்கு 25 திருப்பித் தந்தார். பாதிதான், ஆனாலும் வாங்கினோம். காசை இறங்கும்போதுதான் கொடுக்கவேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

நேரமும் கடைசித் துண்டும்

விடிய ஐந்திலிருந்து எட்டு மணிக்குள் ஸ்ராண்டில் நில்லுங்கள். அப்போதுதான் கெதியாக நிரம்பும். பின்னேரமானால் சனம் குறையும், இருட்டினால் மலைப்பாதையில் ஓட்டமே இல்லை. மூன்று மணிக்கு அடுத்த ஜீப்பில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்றால் அந்த ஊரிலேயே அறை எடுங்கள்.

சோன்பிரயாக்கில் மட்டும் முறை வேறு. வெளிவண்டிகள் அதோடு நின்றுவிடும். கேதாரத்துக்கு நடை தொடங்கும் கௌரிகுண்டம் வரையான ஐந்து கிலோமீற்றருக்கு உள்ளூர் ஜீப்புகள்தான். இங்கே ஜீப் ஆளுக்குக் காத்திருப்பதில்லை, ஆட்கள்தான் ஜீப்புக்கு வரிசையில் நிற்கிறார்கள். யாத்திரைப் பதிவையும் இங்கே பார்ப்பார்கள். registrationandtouristcare.uk.gov.in இல் ஊரிலிருந்தே பதிந்து, கடவுச்சீட்டோடு கையில் வைத்திருங்கள். துவாய் போட்டு இடம் பிடிக்கிற வேலையெல்லாம் இந்த வரிசையில் எடுபடாது. கதவு திறந்தவுடன் முன்னால் நிற்கிற பத்துப் பேர் ஏறுவார்கள். மாமா ஒரு ஜீப்பிலும் நாங்கள் அடுத்ததிலுமாகப் போய், கௌரிகுண்டத்தில் அரை மணித்தியாலம் அவரைத் தேடினோம். சேர்ந்து போகவேண்டுமென்றால், எட்டாவது ஒன்பதாவது ஆளாக நிற்கும்போதே பின்னால் நிற்பவர்களை முன்னுக்கு விட்டுவிட்டு அடுத்த ஜீப்புக்கு நில்லுங்கள்.